x(L − x) என்ற அலைச்சார்பு: செயலி, ஐகன் மதிப்பு, எதிர்பார்ப்பு மதிப்பு ஆகியவற்றைக் கணக்கிடும் முறை

குவாண்டம் இயக்கவியலின் முதல் பாடத்தில் செயலி, ஐகன் மதிப்பு, எதிர்பார்ப்பு மதிப்பு ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அறிமுகமாகின்றன. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தொகையீடுகளில் தடுமாறுவதில்லை. கண்டுபிடித்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே பல எடுத்துக்காட்டுகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒரே ஒரு அலைச்சார்பை எடுத்துக்கொண்டு அதை இறுதிவரை பின்தொடர்வது பயன் தரும். நாம் எடுத்துக்கொள்வது, முடிவிலா உயரமுள்ள இரு சுவர்களுக்கு இடையே அடைபட்ட துகளுக்கான பரவளைய வடிவ அலைச்சார்பு. இது பல்லுறுப்புக் கோவை என்பதால் கணக்கு எளிது. ஆனால் இது ஆற்றலின் ஐகன் சார்பு அன்று என்பதால், பாடநூல்களில் முதலில் வரும் சைன் சார்புகள் மறைத்துவிடும் சில நுட்பங்களை இது வெளிப்படுத்திவிடும்.

அலைச்சார்பும் இயல்பாக்கமும்

m நிறையுள்ள துகள் ஒன்று x = 0 முதல் x = L வரையுள்ள பகுதிக்குள் மட்டுமே இருக்க முடியும் என்று கொள்வோம். உள்ளே நிலையாற்றல் சுழி. வெளியே அது முடிவிலி. சுவர்களுக்கு வெளியே அலைச்சார்பு சுழியாக இருப்பதாலும், அலைச்சார்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதாலும் ψ(0) = 0, ψ(L) = 0 என்ற இரண்டு எல்லை நிபந்தனைகள் கிடைக்கின்றன. இவ்விரண்டையும் நிறைவு செய்யும் மிக எளிய பல்லுறுப்புக் கோவை இதுதான்:

ψ(x) = N x(L − x),  0 ≤ x ≤ L

முதல் வேலை N என்ற மாறிலியைக் காண்பது. துகள் எங்கோ ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதால், |ψ|² இன் தொகையீடு முழுப் பகுதியிலும் 1 ஆக வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் தொகையீடுகள் பலவற்றுக்கும் பின்வரும் ஒரே வாய்பாடு போதும். அதை ஓரமாக எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறிகளை விரித்துப் பெருக்க வேண்டியதில்லை.

∫₀ᴸ xᵃ (L − x)ᵇ dx = [a! b! / (a + b + 1)!] Lᵃ⁺ᵇ⁺¹

இதில் a = b = 2 என்று இட்டால் 2·2/120 = 1/30 கிடைக்கிறது. ஆகவே N² L⁵/30 = 1, அதாவது N² = 30/L⁵. இந்த இடத்தில் பரிமாணத்தைச் சரிபார்த்துவிடுவது நல்லது. |ψ|² என்பது ஓரலகு நீளத்துக்கான நிகழ்தகவு. எனவே அதன் பரிமாணம் 1/நீளம். N² இன் பரிமாணம் 1/நீளம்⁵. x²(L − x)² இன் பரிமாணம் நீளம்⁴. பெருக்கினால் 1/நீளம் வருகிறது. இயல்பாக்கத்தில் நேரும் பிழை பின்னால் வரும் எல்லா விடைகளையும் ஒரே காரணியால் கெடுத்துவிடும். இங்கே பிடித்தால் ஒரு வரியில் தீரும்.

இது ஐகன் சார்பா என்று சோதித்தல்

நமக்குத் தேவையான செயலிகள் மூன்று. இடச் செயலி x̂, ஒரு சார்பை x ஆல் பெருக்குகிறது. உந்தச் செயலி p̂ = −iħ d/dx, அதை வகையிட்டு −iħ ஆல் பெருக்குகிறது. பெட்டிக்குள் நிலையாற்றல் சுழி என்பதால், மொத்த ஆற்றலுக்கான ஹாமில்டோனியன் செயலி Ĥ = p̂²/2m = −(ħ²/2m) d²/dx² என்று அமைகிறது.

ஒரு செயலி ஒரு சார்பின்மீது செயல்பட்ட பின், அதே சார்பு ஒரு மாறிலியால் பெருக்கப்பட்டுத் திரும்பி வந்தால், அந்தச் சார்பு அச்செயலியின் ஐகன் சார்பு. அந்த மாறிலி ஐகன் மதிப்பு. இதைச் சோதிக்க நேரான வழி ஒன்று உண்டு: செயலியைச் செயல்படுத்தி, கிடைத்ததை மூலச் சார்பால் வகுத்து, விடையில் x மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த sin(nπx/L) சார்பில் இதை முதலில் செய்து பார்க்கலாம். இருமுறை வகையிட்டால் அதே சைன் −(nπ/L)² என்ற காரணியுடன் திரும்புகிறது. ஆகவே அது Ĥ இன் ஐகன் சார்பு. அதன் ஐகன் மதிப்பு

Eₙ = n²π²ħ² / (2mL²),  n = 1, 2, 3, …

ஆனால் ஒருமுறை மட்டும் வகையிட்டால் சைன் கொசைனாக மாறிவிடுகிறது. வகுத்தால் விடையில் x மிஞ்சும். எனவே அதே சார்பு உந்தத்தின் ஐகன் சார்பு அன்று. ஆற்றல் திட்டமாகத் தெரிந்த நிலையில் உந்தமும் திட்டமாகத் தெரிந்திருக்கும் என்று எண்ணுவது இங்கே பலருக்கும் நேரும் பிழை. E = p²/2m என்பதால் p² க்கு ஒரே மதிப்புதான் இருக்கும் என்று தோன்றுவதே அதற்குக் காரணம். ஆனால் p² க்கு ஐகன் சார்பாக இருப்பது p க்கும் ஐகன் சார்பாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இனி நம்முடைய பரவளையத்துக்கு வருவோம். முதல் வகைக்கெழு ψ′ = N(L − 2x), இரண்டாம் வகைக்கெழு ψ″ = −2N. ஆகவே

Ĥψ = −(ħ²/2m)(−2N) = ħ²N/m

இது ஒரு மாறிலி என்பதைக் கண்டதும், அதையே ஐகன் மதிப்பு என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. ஐகன் சார்பாக இருக்க வேண்டுமானால் மாறிலியாக இருக்க வேண்டியது Ĥψ அன்று. Ĥψ ஐ ψ ஆல் வகுத்த விகிதம்தான் மாறிலியாக இருக்க வேண்டும். அந்த விகிதம் இங்கே

Ĥψ/ψ = ħ² / [m x(L − x)]

என்று வருகிறது. இது x ஐச் சார்ந்திருப்பதால் நம் சார்பு ஆற்றலின் ஐகன் சார்பு அன்று. அதற்கு ‘ஓர் ஆற்றல்’ கிடையாது. எழுதுவதற்கு வசதியாக ħ²/(mL²) என்ற ஆற்றலை ε என்று குறிப்போம். அப்போது மேலுள்ள விகிதம் பெட்டியின் நடுவில், அதாவது x = L/2 இல், 4ε ஆகிறது; சுவர்களை நெருங்க நெருங்க முடிவிலியை நோக்கி வளர்கிறது. நடுவில் கிடைத்த 4ε ஐத் துகளின் ஆற்றல் என்று சொல்ல முடியாது என்பதற்கு ஒரு நேரடிச் சான்றும் உண்டு: மிகக் குறைந்த ஆற்றல் மட்டமான E₁ = (π²/2)ε ஏறத்தாழ 4.935ε ஆகும். பெட்டிக்குள் இருக்கும் துகளின் ஆற்றலை அளந்தால் அதற்குக் கீழே எந்த விடையும் வராது.

இடமும் உந்தமும்

ஒரு செயலி Â இன் எதிர்பார்ப்பு மதிப்பு

⟨A⟩ = ∫ ψ* (Âψ) dx

என்று வரையறுக்கப்படுகிறது. ஒரே நிலையில் தயாரிக்கப்பட்ட ஏராளமான துகள்களில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒருமுறை அளந்து எடுத்த விடைகளின் சராசரி அது. ஒரே துகளைத் திரும்பத் திரும்ப அளப்பது அன்று. முதல் அளவீட்டிலேயே அதன் நிலை மாறிவிடும். வாய்பாட்டில் செயலி நிற்கும் இடம் முக்கியம்: அது வலப்பக்கத்து ψ மீது மட்டுமே செயல்படுகிறது. இடச் செயலிக்கு இந்த ஒழுங்கு வேறுபாட்டைக் காட்டாது. வகையிடல் வரும்போதுதான் காட்டும்.

⟨x⟩ க்குத் தொகையிடத் தேவையே இல்லை. |ψ|² நடுப்புள்ளியைப் பொறுத்துச் சமச்சீரானது என்பதால் ⟨x⟩ = L/2. ⟨x²⟩ க்கு நம் வாய்பாட்டில் a = 4, b = 2 என்று இட வேண்டும்: 4!·2!/7! = 1/105. அதை 30 ஆல் பெருக்கினால்

⟨x²⟩ = (2/7)L²

ஆகவே இடத்தின் பரவற்படி 2/7 − 1/4 = 1/28, L² அலகில். திட்ட விலக்கம் Δx = L/√28, ஏறத்தாழ 0.189L. ⟨x²⟩ உம் ⟨x⟩² உம் ஒன்றல்ல என்பது இங்கே எண்ணாகவே தெரிகிறது.

உந்தத்துக்கு வருவோம். ψ மெய்ச்சார்பு என்பதால்

⟨p⟩ = −iħ ∫ ψψ′ dx = −iħ [ψ²/2]₀ᴸ = 0

அடைப்புக்குள் இருப்பது இரு முனைகளிலும் சுழி. பெட்டிக்குள் அடைபட்ட எந்த மெய் அலைச்சார்புக்கும் இதே விடைதான் வரும். துகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் செல்ல ஒரே அளவு வாய்ப்பு உண்டு என்பதே இதன் பொருள். துகள் அசையாமல் இருக்கிறது என்று இதைப் படிக்கக் கூடாது. ⟨p²⟩ அதைத் தெளிவாக்கிவிடும்.

⟨p²⟩ ஐக் காண இரண்டு வழிகள் உள்ளன. இரண்டையும் செய்து பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன். பின்னால் வரும் ஒரு சிக்கலுக்கு இந்த ஒப்பீடு தேவைப்படும். முதல் வழியில் p̂ ஐ இருமுறை வலப்பக்கத்தில் செயல்படுத்துகிறோம்:

⟨p²⟩ = −ħ² ∫ ψψ″ dx = 2ħ²N² ∫ x(L − x) dx = 2ħ² · (30/L⁵) · (L³/6) = 10ħ²/L²

இரண்டாம் வழியில் ஒரு p̂ ஐ இடப்பக்கத்து ψ க்குக் கொடுத்துவிடுகிறோம்:

⟨p²⟩ = ∫ |p̂ψ|² dx = ħ²N² ∫ (L − 2x)² dx = ħ² · (30/L⁵) · (L³/3) = 10ħ²/L²

இரண்டும் ஒன்றாக வந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறப் பகுதித் தொகையிடல் செய்யும்போது ψψ′ என்ற எல்லை உறுப்பு தோன்றுகிறது. சுவர்களில் ψ சுழி என்பதால் அது மறைந்துவிடுகிறது. எல்லை உறுப்பு மறைந்ததால்தான் இரண்டு வழிகளும் ஒத்துப்போயின என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

⟨p⟩ = 0 என்பதால் Δp = √10 ħ/L. ஆகவே Δx·Δp = √(10/28) ħ, ஏறத்தாழ 0.598ħ. நிச்சயமின்மை விதி கேட்கும் குறைந்தபட்சம் 0.5ħ, நம் விடை அதற்குச் சற்று மேலே நிற்கிறது. இந்தப் பெருக்கற்பலன் 0.5ħ க்குக் கீழே போயிருந்தால், எங்கோ ஒரு காரணி தவறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் அது N² ஐ N என்று எழுதியதாகவோ, ⟨x⟩² ஐக் கழிக்கும்போது நேர்ந்த பிழையாகவோ இருக்கும்.

செயலிகளின் வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். x̂p̂ என்ற பெருக்கலின் எதிர்பார்ப்பு மதிப்பைக் கண்டால் iħ/2 வருகிறது. p̂x̂ க்கு −iħ/2 வருகிறது. இரண்டின் வேறுபாடு iħ, எதிர்பார்த்தபடியே. ஆனால் தனித்தனியாக இரண்டும் கற்பனை எண்கள். எந்த அளவீட்டின் சராசரியும் கற்பனை எண்ணாக இருக்க முடியாது. எனவே x̂p̂ என்பது அளக்கத்தக்க ஓர் அளவைக் குறிக்கும் ஹெர்மீசியன் செயலி அன்று. வேறு கணக்குகளில் x̂, p̂, Ĥ போன்றவற்றின் எதிர்பார்ப்பு மதிப்பில் i மிஞ்சினால், ψ* க்குப் பதிலாக ψ எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆற்றலின் சராசரியும் அளவீட்டில் வரும் விடையும்

⟨H⟩ = ⟨p²⟩/2m என்பதால் ஆற்றலின் எதிர்பார்ப்பு மதிப்பு 5ħ²/(mL²), அதாவது 5ε. முன்பு x ஐச் சார்ந்து மாறிய Ĥψ/ψ என்ற விகிதத்தை |ψ|² என்ற எடையோடு சராசரி எடுத்தாலும் இதே 5ε தான் கிடைக்கும்; அந்தச் சராசரியை எழுதிப் பார்த்தால் அது எதிர்பார்ப்பு மதிப்பின் வரையறையாகவே மாறிவிடுகிறது. நடுவில் 4ε என்றும் சுவரருகே மிகப் பெரிதாகவும் இருந்தது, மொத்தத்தில் 5ε ஆகச் சமன்பட்டிருக்கிறது.

இப்போது ஆற்றலை ஒருமுறை அளந்தால் 5ε வருமா? ஒருபோதும் வராது. அளவீட்டில் வரக்கூடியவை ஐகன் மதிப்புகள் மட்டுமே: E₁ = 4.935ε, E₂ = 19.74ε, E₃ = 44.41ε என்று அவை செல்கின்றன. 5ε அந்தப் பட்டியலில் இல்லை. எந்த ஐகன் மதிப்பு எந்த நிகழ்தகவுடன் வரும் என்று அறிய, நம் சார்பை ஐகன் சார்புகளின் கூட்டாக விரிக்க வேண்டும். இயல்பாக்கப்பட்ட ஐகன் சார்புகள் φₙ = √(2/L) sin(nπx/L). விரிவின் கெழு

cₙ = ∫ φₙ ψ dx = √(2/L) · √(30/L⁵) ∫₀ᴸ x(L − x) sin(nπx/L) dx

இருமுறை பகுதித் தொகையிடல் செய்தால் இந்தத் தொகையீடு n ஒற்றைப்படையாயின் 4L³/(nπ)³ என்றும், இரட்டைப்படையாயின் சுழி என்றும் வருகிறது. இரட்டைப்படை n கள் மறைவதற்குக் கணக்கே தேவையில்லை: பரவளையம் நடுப்புள்ளியைப் பொறுத்துச் சமச்சீரானது, அந்தச் சைன்கள் எதிர்ச்சமச்சீரானவை. ஆகவே ஒற்றைப்படை n களுக்கு

cₙ = 8√15/(nπ)³,  |cₙ|² = 960/(π⁶n⁶)

π⁶ ஏறத்தாழ 961.39 என்பதால் |c₁|² = 0.99856, |c₃|² = 0.00137, |c₅|² = 0.000064. கூட்டுத்தொகை 1 ஐ நெருங்குகிறதா என்று சரிபார்ப்பது இங்கே கட்டாயம். 1 ஐத் தாண்டினால் கெழுவிலோ இயல்பாக்கத்திலோ பிழை இருக்கிறது. இந்த எண்களின்படி, இந்நிலையில் தயாரிக்கப்பட்ட 10,000 துகள்களின் ஆற்றலை அளந்தால் சராசரியாக 9,986 முறை E₁ உம், 14 முறை E₃ உம் வரும். E₅ வருவது மிக அரிது.

இதே எண்களிலிருந்து சராசரியையும் காணலாம். ⟨H⟩ = Σ|cₙ|²Eₙ என்ற கூட்டலில் முதல் உறுப்பு 4.928ε, n = 3 உறுப்பு 0.061ε, n = 5 உறுப்பு 0.008ε. மூன்றையும் கூட்டினாலே 4.996ε வந்துவிடுகிறது, எல்லா உறுப்புகளையும் சேர்த்தால் சரியாக 5ε. ஒற்றைப்படை n களின் 1/n⁴ கூட்டுத்தொகை π⁴/96 என்பதைப் பயன்படுத்தினால் இது எண்தோராயம் இல்லாமலேயே கிடைக்கிறது. தொகையீட்டின் வழியாக ஒருமுறையும் நிகழ்தகவுகளின் வழியாக ஒருமுறையும் ஒரே விடையை அடைவது, இந்தப் பாடத்தில் கிடைக்கும் மிக நம்பகமான சோதனை.

எண்களுக்கு ஓர் உருவம் வேண்டுமானால், 1 நானோமீட்டர் அகலப் பெட்டியில் எலக்ட்ரான் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ε = 0.0762 எலக்ட்ரான் வோல்ட்; E₁ = 0.376, E₃ = 3.384, சராசரி 0.381 எலக்ட்ரான் வோல்ட். சராசரி E₁ ஐ விட 1.3 விழுக்காடுதான் அதிகம். பரவளையமும் அரைச் சைன் அலையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதை இந்தச் சிறு வேறுபாடு காட்டுகிறது.

ஆற்றலின் பரவல்: விடை எதிர்க்குறியாக வரும் இடம்

இதுவரை எல்லாம் ஒழுங்காகச் சென்றது. அடுத்து இயல்பாக எழும் கேள்வி, ஆற்றலின் திட்ட விலக்கம் எவ்வளவு என்பது. அதற்கு ⟨H²⟩ வேண்டும். பழகிய வழியிலேயே செல்வோம்: Ĥψ ஒரு மாறிலி; மாறிலியை இருமுறை வகையிட்டால் சுழி; ஆகவே Ĥ(Ĥψ) = 0; ஆகவே ⟨H²⟩ = 0. அப்படியானால் பரவற்படி 0 − 25ε² = −25ε². பரவற்படி என்பது சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களின் சராசரி. அது எதிர்க்குறியில் இருக்கவே முடியாது. வகையிடலில் எந்தப் பிழையும் இல்லை. ஆனாலும் விடை தவறு.

நிகழ்தகவுகளின் வழியாகச் சென்றால் உண்மை விடை கிடைக்கிறது. ⟨H²⟩ = Σ|cₙ|²Eₙ² என்ற கூட்டலில் n = 1 உறுப்பு 24.32ε², n = 3 உறுப்பு 2.70ε², n = 5 உறுப்பு 0.97ε², n = 7 உறுப்பு 0.50ε². உறுப்புகள் 1/n² என்ற வீதத்தில் மெதுவாகக் குறைகின்றன. ஒற்றைப்படை n களின் 1/n² கூட்டுத்தொகை π²/8 என்பதால் மொத்தம் சரியாக 30ε². பரவற்படி 30 − 25 = 5, ஆகவே ΔH = √5 ε, ஏறத்தாழ 2.24ε.

தொகையீட்டு வழியில் 30ε² எங்கே தொலைந்தது? ⟨p²⟩ க்குச் செய்ததுபோல் ஒரு Ĥ ஐ இடப்பக்கத்து ψ க்குக் கொடுத்துப் பார்த்தால் அது திரும்ப வருகிறது:

∫ |Ĥψ|² dx = (ħ²N/m)² · L = (ħ⁴/m²) · (30/L⁵) · L = 30ħ⁴/(m²L⁴) = 30ε²

முன்பு இரண்டு வழிகளும் ஒத்துப்போயின. இப்போது ஒன்று 0 என்றும் மற்றொன்று 30ε² என்றும் சொல்கின்றன. காரணம் எல்லை உறுப்பில் இருக்கிறது. Ĥψ ஐ χ என்று எழுதுவோம். இரண்டாம் வகைக்கெழுவை ஒரு சார்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது

∫ψχ″ dx = [ψχ′ − ψ′χ]₀ᴸ + ∫ψ″χ dx

என்று வருகிறது. அடைப்புக்குள் உள்ள முதல் உறுப்பு, ψ சுவரில் சுழி என்பதால் மறைகிறது. இரண்டாவது மறைவதில்லை: சுவர்களில் ψ′ இன் மதிப்பு NL, −NL, χ அங்கேயும் ħ²N/m என்ற அதே மாறிலி. இந்த உறுப்பை −ħ²/2m ஆல் பெருக்கிக் கணக்கிட்டால் சரியாக −30ε² வருகிறது. தொலைந்த தொகை முழுவதும் சுவர்களில் இருக்கிறது.

இதன் பொருளைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். Ĥ என்ற செயலி −(ħ²/2m) d²/dx² என்ற வகையிடல் விதி மட்டுமன்று. சுவர்களில் சுழியாகும் சார்புகளின்மீது செயல்படும் விதி என்பதும் அதன் வரையறையில் அடங்கும். அந்தச் சார்புகளின் தொகுப்பை Ĥ இன் சார்பகம் என்பார்கள். நம் ψ அந்தச் சார்பகத்துக்குள் இருக்கிறது. ஆனால் Ĥψ சுவர்களில் சுழியாகாத மாறிலி என்பதால் அதற்கு வெளியே போய்விட்டது. அதன்மீது மறுபடியும் Ĥ ஐச் செயல்படுத்த நமக்கு அனுமதி இல்லை; எழுதிய ‘Ĥ(Ĥψ) = 0’ என்ற வரியே பொருளற்றது. ⟨H²⟩ ஐ ∫|Ĥψ|² dx என்று எழுதினால் ஒவ்வொரு ψ மீதும் Ĥ ஒருமுறை மட்டுமே செயல்படுகிறது. அதனால் அது சரியாக வேலை செய்கிறது.

முன்கூட்டியே எச்சரிக்கையாக இருக்க ஒரு நடைமுறை உண்டு: Ĥ ஐ இரண்டாம் முறை செயல்படுத்தும் முன், முதல் முறை கிடைத்த சார்பு சுவர்களில் சுழியாகிறதா என்று பார்க்க வேண்டும். சைன் சார்புகளில் அது எப்போதும் சுழியாகவே இருக்கும் என்பதால், அவற்றை மட்டும் வைத்துப் பயின்றவர்களுக்கு இந்தச் சோதனை தேவைப்பட்டிருக்காது. p̂ψ உம் சுவர்களில் சுழியாகவில்லையே, அப்படியிருக்க ⟨p²⟩ ஏன் சரியாக வந்தது என்று கேட்கலாம். அங்கே எல்லை உறுப்பில் ψ தானே ஒரு காரணியாக இருந்து எல்லாவற்றையும் சுழியாக்கியது. ⟨p⁴⟩ க்குச் சென்றால் இதே சிக்கல் அப்படியே திரும்பிவிடும்.

கணினியில் குறியீட்டுக் கணக்கு செய்பவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. ħ = m = 1 என்று கொண்டு பைத்தானில் எழுதினால்:

```python
from sympy import *
x, L = symbols('x L', positive=True)
psi = sqrt(30/L**5)*x*(L - x)
H = lambda f: -diff(f, x, 2)/2
print(simplify(integrate(psi*H(psi), (x, 0, L))))
print(simplify(integrate(psi*H(H(psi)), (x, 0, L))))
print(simplify(integrate(H(psi)**2, (x, 0, L))))
```

முதல் வரி 5/L² என்றும், இரண்டாவது 0 என்றும், மூன்றாவது 30/L⁴ என்றும் அச்சிடும். இரண்டாவது வரியை எழுதியபோது எந்தப் பிழைச் செய்தியும் வராது. சார்பகம் என்ன என்பதை நாம் நிரலுக்குச் சொல்லவே இல்லை.

99.86 விழுக்காடு நிகழ்தகவு E₁ இல் குவிந்திருக்கும்போது திட்ட விலக்கம் 2.24ε என்ற அளவுக்குப் பெரிதாக இருப்பது முதலில் வியப்பளிக்கலாம். உயர் மட்டங்கள் அரிதாகவே வந்தாலும், வரும்போது சராசரியிலிருந்து மிகத் தொலைவில் வருகின்றன. அந்தத் தொலைவின் வர்க்கம் கூட்டலில் சேர்கிறது. E₃ ஒன்றே சராசரிக்கு 39ε மேலே இருக்கிறது, 0.00137 என்ற அதன் சிறிய நிகழ்தகவுடன் அந்தத் தொலைவின் வர்க்கத்தைப் பெருக்கினாலே பரவற்படியில் ஏறத்தாழ 2.1ε² வந்துவிடுகிறது.

இதே வழியில் ஒரு படி மேலே சென்று ⟨H³⟩ ஐக் கேட்டால், |cₙ|²Eₙ³ என்ற உறுப்பில் n முழுவதும் நீங்கிவிடுகிறது: 960/π⁶ ஐ π⁶/8 ஆல் பெருக்கினால் 120. ஒவ்வொரு ஒற்றைப்படை n உம் சரியாக 120ε³ ஐக் கூட்டலில் சேர்க்கிறது, கூட்டல் எங்கும் நிற்பதில்லை. ஆகவே இந்த அலைச்சார்புக்கு ஆற்றலின் முப்படிக்கு முடிவுள்ள எதிர்பார்ப்பு மதிப்பே கிடையாது.